தாளில் விழும் அலைகள்: இ.இ.ஜி. பரிசோதனையும் வலிப்பும்

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய தாயார் எங்கள் நரம்பியல் பிரிவுக்கு அழைத்து வருகிறார். கையில் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம். ஆசிரியை வாசிக்க வாசிக்கப் பிள்ளைகள் எழுதும் பாடம் அதில் இருக்கிறது. எழுத்து அழகாகவே உள்ளது. ஆயினும் வரிகளுக்கு நடுவே ஐந்தாறு சொற்கள் காணாமற்போயிருக்கின்றன. விட்ட இடத்துக்கு அப்பாலிருந்து வாக்கியம் தொடர்கிறது. "கவனமே இல்லை, பகற்கனவு காண்கிறாள் என்று ஆசிரியை சொல்கிறார், நானும் அடித்துவிட்டேன்" என்கிறார் தாயார். அந்தச் சிறுமிக்கு இருப்பது கவனக்குறைவா, நோயா என்பதைத் தெரிந்துகொள்ள நாங்கள் இ.இ.ஜி. எனப்படும் மூளை மின்னலைப் பதிவுக்கு அனுப்புகிறோம்.

இத்தகைய குழந்தைகள் பலரிடம் காண்பதைத் திரட்டியே இதை ஒரு சிறுமியின் வரலாறாக இங்கே கூறுகிறோம். பதிவு அறைக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்தார் எங்களிடம் பெரும்பாலும் கேட்பவை மூன்று கேள்விகள்: அந்தக் கோடுகள் எங்கிருந்து வருகின்றன? வலிப்பு வந்தால் அவை ஏன் மாறுகின்றன? கோடுகள் சரியாக இருந்தால் வலிப்பு இல்லை என்று கொள்ளலாமா? இச்சிறுமியின் பதிவை வைத்துக்கொண்டே மூன்றுக்கும் விடை காண்போம்.

கோடுகள் எங்கிருந்து வருகின்றன?

முதலில் ஓர் ஐயத்தைப் போக்கிவிட வேண்டும். இப்பரிசோதனையில் தலைக்குள் மின்சாரம் எதுவும் செலுத்தப்படுவதில்லை. தலைத்தோலின்மேல் பசை வைத்து ஒட்டப்படும் சிறு உலோக வில்லைகள், மூளையிலிருந்து வரும் மின்னழுத்தத்தை வெறுமனே அளக்கின்றன. ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவராக இருந்த ஹான்ஸ் பெர்கர் 1924ஆம் ஆண்டில் மனிதத் தலையிலிருந்து முதன்முதலாக இதைப் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். இன்று கருவிகள் கணினியாக மாறிவிட்டன. அளக்கப்படும் பொருள் அன்று அளந்ததுதான்.

மூளையின் வெளிப்புற அடுக்கிற்குப் புறணி என்று பெயர். சில மில்லிமீட்டர் தடிப்பே உள்ள இந்த அடுக்கில் கூம்பு வடிவ நரம்பணுக்கள் ஏராளமாக உள்ளன. வயலில் நட்ட நாற்றைப்போல் இவை ஒரே திசையில் நிமிர்ந்து நிற்கின்றன. அணுவின் உடல் கீழே, அதிலிருந்து எழும் நீண்ட கிளை மேலே. ஓர் அண்டை நரம்பணு அந்த மேற்கிளையைத் தூண்டும்போது, அவ்விடத்தில் நேர்மின் துகள்கள் அணுவுக்குள் புகுகின்றன. அதனால் கிளையின் வெளிப்புறம் சற்றே எதிர்மின் தன்மை அடைகிறது. உள்ளே புகுந்த மின்னோட்டம் கிளை வழியே கீழிறங்கி, உடலருகே வெளியேறுகிறது. அங்கே வெளிப்புறம் நேர்மின் தன்மை பெறுகிறது. ஆக, அந்த ஒரு கணத்துக்கு நரம்பணு ஒரு நுண்ணிய பேட்டரியாகிவிடுகிறது. மேல்முனை எதிர்மின், கீழ்முனை நேர்மின்.

நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் மின்துடிப்பைத்தான் இ.இ.ஜி. காட்டுகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். அது சரியன்று. அத்துடிப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு விநாடியே நீடிக்கும். பல துடிப்புகள் அவ்வளவு சிறிய நேரத்திற்குள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி விழுவது அரிது. செய்தியைப் பெற்ற அணுவின் கிளையில் தோன்றும் மென்மையான மாற்றமோ அதைப்போல் பல பத்து மடங்கு நேரம் நிற்கிறது. ஆகவே அண்டை அணுக்களில் தோன்றும் மாற்றங்கள் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாக முடிகிறது. தலைத்தோலில் நாம் காண்பது இந்தக் கூட்டுத்தொகையைத்தான்.

கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாகும் என்பது அணுக்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் ஒத்திசைவையே பெரிதும் சார்ந்தது. பத்தாயிரம் நரம்பணுக்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு நேரத்தில் ஏறி இறங்கினால், ஒன்றின் ஏற்றத்தை மற்றொன்றின் இறக்கம் அழித்துவிடும். எஞ்சுவது சராசரியாக நூறு அணுக்களின் அளவு மட்டுமே. பத்தாயிரமும் ஒரே நேரத்தில் ஏறினால் முழுப் பத்தாயிரமும் சேர்ந்து ஒலிக்கும். சந்தையில் ஆயிரம் பேர் தத்தம் பேச்சைப் பேசும்போது தொலைவில் ஓர் இரைச்சல்தான் கேட்கிறது. தேர் வடம் பிடித்தவர்கள் ஒரே குரலில் முழங்கும்போது அடுத்த ஊருக்கும் கேட்கிறது. ஆட்களின் தொகையில் மாற்றமில்லை; நேரம் ஒன்றுபட்டதுதான் வேறுபாடு.

இந்த ஒலி மூளை நீர், மண்டையோடு, தோல் ஆகியவற்றைக் கடந்து வருவதற்குள் மிகவும் மங்கிவிடுகிறது. தோலுக்கு வந்து சேரும் அளவு பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரை. ஒரு மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. புறணியில் குறைந்தது ஆறு சதுர சென்டிமீட்டர் அளவுள்ள பரப்பேனும் ஒருங்கே இயங்கினால்தான் தோலில் ஏதேனும் தெரியும் என்பது பொதுவான கணக்கு. நம் பத்து ரூபாய் நாணயத்தின் பரப்பு ஏறத்தாழ அவ்வளவே. அதைவிடச் சிறிய இடத்தில் நிகழ்வதும், மூளையின் ஆழமான மடிப்புகளில் நிகழ்வதும் பதிவில் விழாமலே போகலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

அமைதியான மூளையின் பதிவு

சிறுமி படுக்கையில் கண்மூடிக் கிடக்கிறாள். தலையில் இருபதுக்கு மேற்பட்ட வில்லைகள் ஒட்டப்பட்டுள்ளன. திரையில் ஒரு பக்கம் என்பது பத்து விநாடி. ஒரு விநாடிக்கு மூன்று சென்டிமீட்டர். தலையின் பின்புறத்துக் கோடுகளில், விநாடிக்கு ஒன்பது என்ற சீரான அலைகள் ஓடுகின்றன. உயரம் 50 மைக்ரோவோல்ட். வழக்கமான அளவுகோலில் அது ஏழு மில்லிமீட்டர். இதுதான் பெர்கர் கண்டு பெயரிட்ட ஆல்ஃபா தாளம். விநாடிக்கு 8 முதல் 13 வரை அமைவது அது.

"கண்ணைத் திறம்மா" என்கிறார் பதிவு செய்பவர். சிறுமி கண் திறக்கிறாள். உடனே அந்த அலைகள் தேய்ந்து, கோடு ஏறக்குறைய தட்டையாகிறது. பார்க்கும் குடும்பத்தாருக்கு இது வியப்பாக இருக்கும். கண் திறந்தால் மூளை அதிகம் வேலை செய்யும் அல்லவா, அலைகள் பெரிதாக வேண்டாமா? முன் சொன்ன கணக்கே இதற்கு விடை. கண் மூடியிருந்தபோது பார்வைப் பகுதியின் அணுக்கள் வேலையின்றி ஒரு தாளத்தில் அசைந்துகொண்டிருந்தன. கண் திறந்ததும் ஒரு கூட்டம் விளிம்பைக் கவனிக்கிறது, மற்றொரு கூட்டம் நிறத்தை, இன்னொன்று அசைவை. ஒவ்வொன்றும் தன் வேலைக்குரிய நேரத்தில் இயங்குவதால் கூட்டுத்தொகை சிறுத்துவிடுகிறது. விழித்திருப்பவரின் பதிவில் சிறிய, ஒழுங்கற்ற அலை என்பது பெரும்பாலும் சுறுசுறுப்பான மூளையின் அடையாளம். பெரிய, சீரான அலை என்றால் மிகப் பல அணுக்கள் தம் தனி வேலையை விட்டு ஒரே தாளத்தில் கட்டுண்டிருக்கின்றன என்று பொருள்.

ஊதச் சொன்னபோது நிகழ்ந்தது

அடுத்து, பதிவு செய்பவர் சிறுமியிடம் ஒரு காகிதக் காற்றாடியைக் காட்டி, மூன்று நிமிடம் ஆழமாக ஊதிக்கொண்டே இருக்கச் சொல்கிறார். இது விளையாட்டன்று. விடாமல் ஊதும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. இவ்வகை வலிப்புக்கு ஆளாகும் மூளையில் அக்குறைவு வலிப்பைத் தூண்டிவிடும். மருத்துவரும் பதிவு செய்பவரும் அருகிலிருக்க, கட்டுப்பாட்டுக்குள் அதை வரவழைப்பதே நோக்கம்.

இரண்டாம் நிமிடத்தில் காற்றாடி நின்றுவிடுகிறது. சிறுமியின் கண்கள் திறந்தபடி நிலைகுத்துகின்றன. இமைகள் இலேசாகத் துடிக்கின்றன. அதே நொடியில் திரையில் எல்லாக் கோடுகளும் ஒருங்கே எழும்புகின்றன. முதலில் ஊசிமுனைபோல் ஒரு கூர் அலை, அதைத் தொடர்ந்து குன்றுபோல் அகன்ற ஓர் அலை. மீண்டும் கூர் அலை, மீண்டும் குன்று. விநாடிக்கு மூன்று இணைகள். தாளில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்று. உயரம் 300 மைக்ரோவோல்ட்டை எட்டுகிறது. அதாவது நாலு சென்டிமீட்டருக்கும் மேல். ஒரு கோடு அடுத்த கோட்டின் மீதேறிப் பின்னிக்கொள்கிறது.

பதிவு செய்பவர் பதற்றமின்றி, "மாம்பழம்" என்று ஒரு சொல்லைத் தெளிவாகச் சொல்கிறார். ஒன்பதாவது விநாடியில் அலைகள் எப்படித் தொடங்கினவோ அப்படியே சட்டென்று நிற்கின்றன. சிறுமி ஒன்றுமே நடவாததுபோல் காற்றாடியை ஊதத் தொடங்குகிறாள். "நான் இப்போது என்ன சொன்னேன்?" என்று கேட்டால் அவளுக்குத் தெரியவில்லை. அந்த ஒன்பது விநாடியில் ஏறத்தாழ இருபத்தேழு இணைகள் பதிந்திருக்கின்றன. நோட்டுப் புத்தகத்தில் காணாமற்போன ஐந்தாறு சொற்களும் இத்தகைய ஓர் இடைவெளிக்குள் விழுந்தவையே. அறையின் மூலையில் அமர்ந்திருந்த தாயார் கண்களைத் துடைத்துக்கொள்கிறார். மகள் சொன்ன பேச்சைக் கேளாமலிருக்கவில்லை, அவள் காதில் அது சேரவேயில்லை என்பது அவருக்கு அப்போதுதான் விளங்குகிறது.

இதற்கு நினைவு தவறும் வலிப்பு என்று பெயர். மருத்துவர்கள் ஆப்சென்ஸ் என்பார்கள். விநாடிக்கு மூன்று என்ற இந்த அலை வடிவத்தை பாஸ்டன் நகரில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் ஆகிய மூவரும் 1935இல் விவரித்தார்கள்.

கூர் அலையும் குன்றலையும் எதனால்?

கூர் அலை, புறணியின் பரந்த பரப்பில் மிகப் பல நரம்பணுக்கள் ஒரே கணத்தில் தூண்டப்படுவதன் கூட்டுத்தொகை. அவற்றின் மேற்கிளைகள் அனைத்தும் ஒருசேர எதிர்மின் தன்மை அடைகின்றன, இ.இ.ஜி. மரபில் எதிர்மின் மாற்றத்தை மேல்நோக்கி வரைவதால் கோடு குத்தென எழுகிறது. தொடர்ந்து வரும் அகன்ற அலை, அந்த அணுக்கள் ஒருங்கே அடங்கும் காலம். தடுப்பு நரம்பணுக்கள் அவற்றை அமர்த்துகின்றன. அணுக்களிலிருந்து பொட்டாசியம் துகள்கள் வெளியேறி மேலும் அமைதியாக்குகின்றன. தூண்டல், அடக்கம், தூண்டல், அடக்கம் என்று கோடிக்கணக்கான அணுக்கள் ஒரே தாளத்தில் சுழல்கின்றன.

அடங்கியவை மறுபடி எழுவது ஏன்? புறணிக்கு அடியில் தாலமஸ் என்ற பகுதி உள்ளது. புலன்களிலிருந்து வரும் செய்திகளில் பெரும்பாலானவை அதன் வழியாகவே புறணிக்குச் செல்கின்றன. புறணியும் அதற்குத் திரும்பச் செய்தி அனுப்புகிறது. தாலமஸின் அணுக்களில் ஒருவகைக் கால்சியம் வாயில்கள் உண்டு. அணு ஆழ்ந்து அடங்கும்போதுதான் அவை திறப்பதற்கு ஆயத்தமாகின்றன. அடக்கம் தளர்ந்தவுடன் திறந்து, அணுவைச் சடசடவென்று துடிக்கவைக்கின்றன. ஆகவே ஒவ்வோர் அடக்கமும் அடுத்த எழுச்சிக்கான வில்லை வளைத்து வைக்கிறது. இச்சுழற்சி நீடிக்கும்வரை ஒவ்வோர் அணுவும் தனக்குரிய வேலையைச் செய்ய இயலாது. உடல் சாயாமல் அமர்ந்திருந்தும் நினைவு மட்டும் அறுந்துபோவதை இதைக்கொண்டு புரிந்துகொள்ளலாம். எதோசக்ஸிமைடு என்ற மருந்து முதன்மையாக இந்த வாயில்களை அடக்கிச் சுழற்சியைக் குலைக்கிறது என்று கருதப்படுகிறது.

வெறித்த பார்வை எல்லாம் ஒன்றன்று

அதே வயதுடைய மற்றொரு குழந்தையும் இதேபோல் வெறித்துப் பார்க்கலாம். பதிவோ முற்றிலும் வேறாக இருக்கலாம். வலிப்பு ஒரு பக்கப் பொட்டு மடலில், அதாவது காதுக்கு மேலுள்ள மூளைப் பகுதியில் தொடங்கினால், எல்லாக் கோடுகளும் ஒருங்கே எழுவதில்லை. ஒரு பக்கத்துச் சில கோடுகளில் மட்டும் விநாடிக்கு ஐந்து, ஆறு என்ற சீரான அலை தோன்றும். மெல்ல மெல்ல அதன் உயரமும் வேகமும் வடிவமும் மாறும். அண்டைக் கோடுகளுக்குப் பரவும். இது பெரும்பாலும் அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை நீடிக்கும். முடிந்த பின்னும் குழந்தை சற்று நேரம் குழம்பியிருக்கும். அப்பக்கத்துக் கோடுகளில் மந்தமான அலைகள் எஞ்சியிருக்கும்.

இந்த வேறுபாட்டை அறிவது சிகிச்சைக்கு இன்றியமையாதது. ஒரு பக்கத்தில் தொடங்கும் வலிப்புக்கு நன்கு பயன்படும் கார்பமசபைன் என்ற மருந்து, நம் சிறுமிக்கு உள்ள வகையை மோசமாக்கக்கூடும். "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் வலிப்புதான், அதே மாத்திரை" என்று வாங்கிக் கொடுப்பதை நாங்கள் வன்மையாகத் தடுப்பதற்கு இதுவே காரணம்.

பதிவு சரியாக இருந்தால் வலிப்பு இல்லையா?

இல்லை என்று கொள்ளக்கூடாது. வலிப்பு நோய் உறுதியாக உள்ளவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் பதிவு இயல்பாகவே இருக்கும். காரணங்களை ஏற்கெனவே கண்டோம். பதிவு செய்வது அரைமணி நேரம். அந்நேரத்தில் மூளை அமைதியாக இருந்திருக்கலாம். கோளாறு உள்ள இடம் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறியதாகவோ ஆழத்திலோ இருந்திருக்கலாம். ஆகவேதான் சிலருக்கு முதல் நாள் இரவு உறக்கத்தைக் குறைக்கச் சொல்லி, உறக்கத்திலும் பதிவு செய்கிறோம். சிலருக்கு மறுபடி எடுக்கிறோம். நம் சிறுமியின் வகை இதற்கு விலக்கு. மருந்து தொடங்காத நிலையில், நன்றாக ஊதவைத்தால் அது பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. வலிப்பே வராத நல்ல குழந்தைகளிலும் நூற்றில் சிலருக்குக் கூர் அலைகள் தென்படும். கண் சிமிட்டல், மெல்லுதல், தலையசைவு ஆகியவையும் தாளில் பெரிய அலைகளாக விழும். அவற்றைப் பிரித்தறியவே வீடியோவையும் உடன் பார்க்கிறோம். ஆகவே நாங்கள் சிகிச்சை அளிப்பது தாளுக்கு அன்று. நடந்ததைக் கண்டவர்கள் சொல்லும் விவரமும் தாளும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே முடிவெடுக்கிறோம்.

இக்காரணத்தால் பதிவுக்கு வருவோரிடம் சிலவற்றை வேண்டிக்கொள்கிறோம். முந்திய நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் தடவாமல் வாருங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் வில்லை தோலோடு சரியாகத் தொடர்பு கொள்ளாது. மருத்துவர் தெளிவாகச் சொன்னாலொழிய மாத்திரையை நிறுத்தாதீர்கள். வீட்டில் நிகழும்போது கைப்பேசியில் படம்பிடிக்க முடிந்தால் பிடித்து வாருங்கள். "ரிப்போர்ட் சரியாக இருக்கிறது" என்ற ஒரு வரியை நம்பித் தாமாகவே மாத்திரையை நிறுத்திய சிலர், வலிப்பு மீண்டும் வந்து அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். அந்தச் சீராக்கம் மாத்திரையால் வந்ததாகவே இருந்திருக்கலாம்.

சிறுமிக்கு மருந்து தொடங்கி, அளவைப் படிப்படியாக உயர்த்துகிறோம். இரண்டு மாதம் கழித்து மீண்டும் பதிவு. மூன்று நிமிடமும் காற்றாடி நிற்காமல் சுழல்கிறது. கோடுகளில் கூர் அலை இல்லை. ஊதும்போது சொன்ன சொல் என்னவென்று கேட்டால், "வெண்டைக்காய்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். தாயார் இம்முறையும் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கிறார். கடைசிப் பக்கங்களை நாங்கள் வரிவரியாகப் பார்க்கிறோம். ஒரு சொல்லும் விடுபடவில்லை.